ஐம்பத்து நான்கு கட்டைகளும் ஒரு வீழ்ச்சியும்



அடுக்கி வைத்த மரக்கட்டைகள் சரிந்து விழுவதைக் கணினிக்குள் எப்படி நிகழ்த்துவது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்கும்போது எளிதாகத்தான் தோன்றும். கட்டைகளை அடுக்கு, புவியீர்ப்பை இயக்கு, ஒரு பந்தை எறி, விழுந்துவிடும். ஆமாம், விழுந்துவிடும். கணினிக்குள் எதையும் விழவைக்கலாம். ஆனால் அந்த அடுக்கைப் பந்து வந்து தொடும்வரை அசையாமல் நிற்க வைக்க முடியுமா? அங்கேதான் வேலை இருக்கிறது. இந்தத் துறைக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் விழுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் நிற்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒழுங்காக நிற்கத் தெரியாத அடுக்கு, விழும்போதும் பொய்யாகவே விழும்.

ஒரே ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஜெங்கா விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி 1983-இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய விளையாட்டு அது. மொத்தம் 54 கட்டைகள். ஒரு தளத்துக்கு மூன்று கட்டைகள், அடுத்த தளத்தில் மூன்றும் குறுக்காக, இப்படியே 18 தளங்கள். ஒவ்வொரு கட்டையும் ஏழரை சென்டிமீட்டர் நீளம், இரண்டரை அகலம், ஒன்றரை கனம். கோபுரத்தின் உயரம் 27 சென்டிமீட்டர். நம் கருவி பிளெண்டர். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதற்குள் திடப்பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடுவது புல்லட் என்ற இயற்பியல் நூலகம். எர்வின் கூமன்ஸ் உருவாக்கியது. அந்தப் பணிக்காக 2015-இல் ஆஸ்கர் அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது.

திடப்பொருள் என்று இங்கே எதைச் சொல்கிறோம்? வளையாத, நசுங்காத, உடையாத பொருளை. இடம் மாறலாம், திரும்பலாம், வேறெதுவும் செய்யாது. உண்மையான மரக்கட்டை மேலே பாரம் ஏறினால் மயிரிழையளவாவது அமுங்கும். அந்த அமுங்கலே பாரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் விசையாகிறது. கணினிக் கட்டை அமுங்காது. அப்படியானால் அது எப்படித் தாங்குகிறது? கணக்கால் தாங்குகிறது. எந்தக் கட்டை எந்தக் கட்டையைத் தொடுகிறது என்று புல்லட் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்று புகாதபடி ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் எவ்வளவு உந்துவிசை கொடுக்க வேண்டும் என்று கணித்துக் கொடுக்கிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இதைச் செய்கிறது. நம் கோபுரம் நிற்பது இந்தக் கணக்கின் மேல்தான்.

முதலில் வடிவத்துக்கு வருகிறேன். நாம் திரையில் பார்க்கும் கட்டை வேறு, மோதலுக்காக மென்பொருள் வைத்துக்கொள்ளும் கட்டை வேறு. நம் கட்டையின் விளிம்புகளை மழுக்கியிருப்போம், மர ரேகை வரைந்திருப்போம், மூலையில் சிறு சிராய்ப்புக்கூடச் செதுக்கியிருப்போம். மோதல் கணக்குக்கு இவை எதுவும் வேண்டாம். ஆறு முகங்கள் கொண்ட ஒரு பெட்டி போதும். அதனால் மோதல் வடிவமாக Box என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுக்காமல் விட்டால் இயல்பாக வருவது Convex Hull, அதாவது பொருளைச் சுற்றி இறுக்கிப் போர்த்திய குவிந்த உறை. அதுவும் வேலை செய்யும். மழுக்கிய விளிம்பின் புள்ளிகளையெல்லாம் சுமந்துகொண்டு செய்யும்.

சில மாணவர்கள் துல்லியம் வேண்டும் என்று Mesh என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு முக்கோணத்தையும் மோதலுக்குக் கொடுத்துவிட்டால் அதைவிடத் துல்லியம் ஏது என்று நினைக்கிறார்கள். விளைவு என்ன? கணக்கு மெதுவாகிறது, கட்டைகள் நின்ற இடத்தில் நடுங்குகின்றன. நகரும் பொருளுக்கு முக்கோண வடிவம் கடைசி வழி. நிலைத்திருக்கும் மேடுபள்ளமான தரைக்கு அதைக் கொடுங்கள், தகும்.

குவிந்த உறைக்கு ஒரு குறை உண்டு; அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளின் கட்டைப் பெட்டியில் ‘ப’ என்ற எழுத்தைப் போல ஒரு கட்டை இருக்கும். அதன் குழிக்குள் ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். கோலி உள்ளே போகாது. மேலே, வெறும் காற்றில், இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்கும். ஏன்? குவிந்த உறை அந்தக் குழியை மூடிவிட்டது. உங்கள் கண்ணுக்குத் தெரியாத மூடி கோலிக்குத் தெரிகிறது. தீர்வு என்ன? அந்தக் கட்டையை மூன்று பெட்டிகளாகப் பிரித்து, Compound Parent என்ற வடிவத்தின் கீழ் ஒன்றாகச் சேர்ப்பது. மூன்றும் எளிய பெட்டிகள். சேர்ந்தால் குழியுள்ள ஒரே கட்டை. கோலி உள்ளே இறங்கும்.

வடிவத்தோடு சேர்ந்து இன்னொன்றையும் கவனியுங்கள். பிளெண்டர் ஒரு பொருளின் நிறைமையம் எங்கே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது தெரியுமா? அந்தப் பொருளின் ஆதிப்புள்ளியில், அதாவது திரையில் சிறு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும் Origin-இல். அடுக்குவதற்கு வசதி என்று ஆதிப்புள்ளியைக் கட்டையின் ஒரு முனையில் வைத்திருந்தால் எடை முழுவதும் அந்த முனையில் இருப்பதாகவே கணக்கு நடக்கும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை விழாமல் அப்படியே நிற்கும். அல்லது ஒழுங்காக நிற்க வேண்டியது குப்புற விழும். கட்டைகள் காரணமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்கின்றனவா? முதலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள். அளவை மாற்றியிருந்தால் Apply Scale கொடுத்துவிட்டு, ஆதிப்புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இப்போது அளவு. இது பலரை ஏமாற்றும் இடம். நம் ஜெங்கா கட்டையின் கனம் ஒன்றரை சென்டிமீட்டர். புல்லட் நூலகத்தின் கையேடு, நகரும் பொருள்கள் சுமார் 5 சென்டிமீட்டரிலிருந்து 10 மீட்டர்வரை இருப்பது நல்லது என்கிறது, கூழாங்கல்லிலிருந்து சுமையுந்துவரை. நம் கட்டை அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே கிடக்கிறது. Collision Margin என்ற பெட்டியைத் தேர்ந்தால் அங்கே இயல்பாக இருக்கும் எண் 0.04, அதாவது நான்கு சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டையைச் சுற்றி நான்கு சென்டிமீட்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி! குவிந்த உறை கொண்ட கட்டைகளுக்கு அதை வைத்தால் என்ன ஆகும்? அடுக்கிய நொடியிலேயே எல்லா வேலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். புகுந்ததை விலக்கியே தீர வேண்டும் என்று கணக்கு முயலும். முதல் சட்டகத்திலேயே கோபுரம் வெடித்துச் சிதறும்.

அதனால் கோபுரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கட்டுகிறோம். கட்டை 75 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் கனம். கோபுரம் 2.7 மீட்டர். கணக்குக்கு இது வசதியான அளவு. ஆனால் விழவைத்துப் பாருங்கள்: ஏதோ பெரிய கட்டடம் இடிவதுபோல மெதுவாகச் சரியும். படத்தில் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தாலும் பார்வையாளர் நம்ப மாட்டார். ஏனென்று கணக்கே சொல்லும். 27 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் கட்டை தரையைத் தொட 0.23 நொடி ஆகும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் ஆறு சட்டகம்கூட முழுதாக இல்லை. 2.7 மீட்டரிலிருந்து விழ 0.74 நொடி, கிட்டத்தட்ட 18 சட்டகம். நீளம் பத்து மடங்கானால் நேரம் பத்தின் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்கு ஆகிறது. நம் கண் ஒரு பொருளின் அளவை அது விழும் வேகத்திலிருந்தும் படித்துக்கொள்கிறது. ஆகவே Rigid Body World பகுதியில் உள்ள Speed என்ற எண்ணை 1-லிருந்து 3.16 ஆக்குங்கள். அல்லது புவியீர்ப்பை 9.81-லிருந்து 98.1 ஆக்குங்கள். இரண்டும் ஒரே பலனைத் தரும். மேசை மேல் நிற்கும் சின்னக் கோபுரம் திரும்பக் கிடைத்துவிடும்.

வேகத்தைக் கூட்டினோம், அதற்கு விலை உண்டு. கணினி காலத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகப் பார்க்கிறது. மேலிருந்து விழும் கட்டை தரையை நெருங்கும்போது நிஜ அளவில் நொடிக்கு 2.3 மீட்டர் வேகம். ஒரு சட்டகத்துக்குள் ஒன்பதரை சென்டிமீட்டர் கடந்துவிடும்; கட்டையின் கனத்தைப்போல ஆறு மடங்கு. ஒரு சட்டகத்தில் மேலே இருந்தது அடுத்த சட்டகத்தில் இன்னொரு கட்டைக்கு அப்பால் போயிருக்கும். மோதல் நடந்ததே கணக்குக்குத் தெரியாது. இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு சட்டகத்தையும் உள்ளே மேலும் துண்டாக்குகிறோம். Substeps Per Frame என்பது அதுதான். இயல்பான மதிப்பு 10. பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கட்டையின் கனத்தில் பாதிக்கும் மேல், இது போதாது. 40 ஆக்கினால் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த வேலைக்கு நான் அங்கிருந்தே தொடங்குவேன்.

சரி, துண்டாக்கிவிட்டோம். பந்து இன்னும் வரவில்லை. கோபுரம் நிற்கிறதா? இயக்கிப் பாருங்கள். கோபுரம் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கும். கீழ்த்தளக் கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சற்றே புதையும். நூறு சட்டகம் போனால் கோபுரம் மெதுவாக முறுக்கிக்கொண்டு, யாரும் தொடாமலே சாயும். என்ன நடக்கிறது?

எண்ணிப் பார்ப்போம். குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இரண்டு தளங்களுக்கு நடுவே மூன்றுக்கு மூன்று, ஒன்பது இடங்களில் கட்டைகள் தொடுகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு தொடுபுள்ளி என்றால் 36. பதினேழு இடைமுகங்களுக்கு 612. தரையோடு இன்னும் 12. ஆக 624 புள்ளிகள். இந்த 624-ஐயும் ஒரே நேரத்தில் தீர்த்தால்தான் கோபுரம் அசையாமல் நிற்கும். புல்லட் அப்படித் தீர்ப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அந்தப் புள்ளியை மட்டும் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துப் புள்ளி சற்றுக் கெடும். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வருகிறது. சுற்றுக்குச் சுற்று பிழை குறைகிறது. எத்தனை சுற்று? Solver Iterations என்ற எண்தான் சொல்கிறது. இயல்பாக 10. மேலே 51 கட்டைகளின் பாரம் இருக்கிறது என்ற செய்தி கீழ்த்தளத்துக்கு வந்து சேர, நம் பதினெட்டுத் தளக் கோபுரத்துக்குப் பத்துச் சுற்று போதவில்லை. அதைத்தான் புதைவதாகவும் மூச்சு விடுவதாகவும் பார்க்கிறோம். 50 ஆக்குங்கள், தேவையானால் 100 ஆக்குங்கள். கோபுரம் கல்லாகும்.

இதே காரணத்தால்தான் எடை வித்தியாசமும் ஆபத்து. லேசான கட்டைகளின் மேல் நூறு மடங்கு கனமான இரும்புக் குண்டை உட்கார வைத்தால் நிறையச் சுற்று கொடுத்தாலும் கீழே நடுக்கம் எளிதில் நிற்காது. மோதும் பந்தின் எடையையும் கட்டைகளுக்கு ஏற்ற அளவில் வையுங்கள். அடி பலமாக வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

உராய்வுக்கு வருகிறேன். என் மனதுக்கு நெருக்கமான பகுதி இது. சற்று நிதானமாகவே சொல்கிறேன். ஒரு பொருள் வழுக்காமல் நிற்பது அது அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பிரெஞ்சு நாட்டு அமோன்தோன் 1699-இல் எழுதினார். இன்றைய மென்பொருளும் அதைத்தான் கையாள்கிறது. பிளெண்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் Friction என்று ஓர் எண். இயல்பாக 0.5. மரத்துக்கு மரம் 0.5 என்பது நியாயமான மதிப்புதானே, அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும்.

ஆனால் உராய்வு என்பது இரண்டு பொருள்களுக்கு இடையே நடப்பது. இங்கே இரண்டு எண்கள் இருக்கின்றன, மேல் கட்டைக்கு ஒன்று, கீழ் கட்டைக்கு ஒன்று. புல்லட் இரண்டையும் என்ன செய்கிறது? பெருக்குகிறது! 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.25. நீங்கள் நினைத்ததில் பாதி உராய்வுதான் நடக்கிறது. மெருகேறிய வழவழப்பான கட்டைக்கு அது பொருந்தலாம். சொரசொரப்பான மரம் வேண்டும், 0.5 உண்மையிலேயே வேண்டும் என்றால் இரண்டு பொருளுக்கும் 0.71 கொடுக்க வேண்டும், 0.71-ஐ 0.71-ஆல் பெருக்கினால்தான் ஏறக்குறைய 0.5 வரும். தரையின் உராய்வைப் பூஜ்யமாக வைத்துவிட்டால் கட்டைக்கு எவ்வளவு கொடுத்தாலும் பெருக்கல் பூஜ்யம்தான். கட்டைகள் பனிக்கட்டியில் வழுக்குவதுபோல ஓடும்.

இதை நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்கிறேன். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், மேலே ஒரு கட்டை. இரண்டுக்கும் 0.5. உராய்வு உண்மையிலேயே 0.5 ஆக இருந்தால் சாய்வு 26 பாகை ஆகும்வரை கட்டை அசையக் கூடாது. நீங்கள் 20 பாகை மட்டும் சாய்த்துப் பாருங்கள். கட்டை வழுக்கும்! இயல்பான புவியீர்ப்பில் முதல் நொடிக்குள், அதாவது 24 சட்டகத்தில், சுமார் அரை மீட்டர் இறங்கியிருக்கும். 0.25 என்ற உராய்வுக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டாலும் அதே அரை மீட்டர். 14 பாகைக்குக் கீழே கொண்டுவாருங்கள், நின்றுவிடும். இந்தச் சாய்பலகைச் சோதனையை எந்தக் காட்சிக்கும் முன்னால் செய்யலாம். உங்கள் கட்டைகள் எவ்வளவு பிடிப்போடு இருக்கின்றன என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகக் கையில் கிடைக்கும்.

உராய்வு கோபுரத்தின் குணத்தையே மாற்றுகிறது. பிடிப்பு குறைந்தால் பந்து பட்ட தளம் மட்டும் உருவிக்கொண்டு வெளியே பறக்கும், மேல்தளங்கள் நேராகக் கீழே இறங்கும். பிடிப்பு கூடினால் அடிபட்ட தளம் மேலே உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகும். கோபுரம் முழுதாகச் சாய்ந்து மரம்போல விழும். ஒரே கோபுரம், ஒரே பந்து, ஒரே அடி. மாறியது ஓர் எண்.

இன்னொரு நுட்பம். உண்மையான ஜெங்காவில் எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு இல்லை. மிகச் சிறிய வேறுபாடுகளோடுதான் செய்கிறார்கள். அதனால்தான் சில கட்டைகள் இறுகியும் சில தளர்ந்தும் இருக்கின்றன. அதனால்தான் விளையாட்டே நடக்கிறது. கணினியில் 54-ஐயும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் நகலெடுத்தால் பாரம் எல்லாவற்றிலும் சமமாக இறங்கும். விழும்போதும் ஏதோ வரிசை போட்டு விழுவதுபோல இருக்கும். கனத்தில் சிறிதளவு கூட்டிக் குறையுங்கள், பெரிதாக்கிய கட்டையில் ஒரு மில்லிமீட்டர் போதும். ஆனால் அப்போது ஒன்றுக்குள் ஒன்று புகாமல் அடுக்க வேண்டும். தளங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு அடுக்கி, பந்து இல்லாமல் ஐம்பது சட்டகம் ஓடவிடுங்கள். கட்டைகள் தாமாகவே படிந்து உட்காரும். அந்த நிலையில் நிறுத்தி, Object பட்டியில் Rigid Body என்பதன் கீழ் இருக்கும் Apply Transformation கொடுத்தால், படிந்த நிலையே தொடக்க நிலையாகிவிடும். அதன்பிறகு ஒருமுறை முதல் சட்டகத்திலிருந்து நூறுவரை ஓட்டிப் பாருங்கள். உச்சிக் கட்டையின் இருப்பிட எண்கள் மாறாமல் இருந்தால் கோபுரம் தயார். பந்தை வரச் சொல்லலாம்.

கடைசியாக, பேக் செய்தல். இதைப் பலர் வெறும் சேமிப்பு வேலையாக நினைக்கிறார்கள். ஆனால் நூறாவது சட்டகத்தில் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று கணினியைக் கேட்டால் அதற்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பதாவதிலிருந்துதான் நூறாவதைக் கணிக்க முடியும், தொண்ணூற்றெட்டாவதிலிருந்துதான் தொண்ணூற்றொன்பதாவதை. ஆகவே முதல் சட்டகத்திலிருந்து வரிசையாக நடந்தே வர வேண்டும். நடந்த பாதையைத் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்கிறது. அதைத்தான் கேஷ் என்கிறோம். நீங்கள் ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டால் அந்த நினைவு செல்லாததாகிவிடும்.

இந்த நினைவை நம்பி ஒரு படக்காட்சியைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு கணினிக்கு 1 முதல் 60 வரை, இன்னொன்றுக்கு 61 முதல் 120 வரை. இரண்டாவது கணினி நேராக 61-க்குத் தாவும். நடந்து வந்த பாதை அதனிடம் இல்லை. ஒன்று கோபுரம் இன்னும் அப்படியே நிற்கும், அல்லது எங்கோ தவறான இடத்தில் கிடக்கும். படத்தை ஒட்டிப் பார்க்கும்போது 60-க்கும் 61-க்கும் நடுவே கட்டைகள் குதிக்கும். இப்படி ஒரு குதிப்பைப் பார்த்தால் கணக்கில் தேட வேண்டாம். பேக் செய்யவில்லை என்றே பொருள். Rigid Body World-இல் Cache என்ற பகுதியில் Bake கொடுங்கள். பாதை உறைந்துவிடும். கோப்பைச் சேமித்தால் அதோடு போகும். எந்தக் கணினி எந்தச் சட்டகத்தைக் கேட்டாலும் ஒரே பதில்.

அங்கேயே தொடக்கமும் முடிவும் இருக்கின்றன: 1, 250. காட்சி 400 சட்டகம் நீண்டால் அந்த 250-ஐயும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உருண்டுகொண்டிருக்கும் கட்டை 250-இல் அந்தரத்தில் நின்றுவிடும்.

பேக் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 54 கட்டைகள் ஒன்றையொன்று மோதும்போது முதல் மோதலில் ஏற்படும் மிகச் சிறு மாற்றமும் இருபதாவது மோதலில் வேறொரு வீழ்ச்சியாக வளர்ந்துவிடும். உராய்வை 0.71-லிருந்து 0.72 ஆக்கினாலே கட்டைகள் வேறு இடத்தில் போய்க் கிடக்கும். இயக்குநர் ஒரு வீழ்ச்சியைப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த நொடியே பேக் செய்யுங்கள். பேக் செய்யாமல் விட்டு, அப்புறம் ஒரு சின்னத் திருத்தம் என்று எண்ணைத் தொட்டால், எண்ணைத் திருப்பி வைத்தாலன்றி அந்த வீழ்ச்சி வராது. மாற்றியது எது என்று நினைவில் இல்லாவிட்டால் அதுவும் முடியாது.

இயக்குநருக்கு வீழ்ச்சி பிடித்துவிட்டது, ஆனால் ஒரே ஒரு கட்டை உருண்டு வந்து பக்கத்தில் இருக்கும் தேநீர்க் கோப்பையை மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வீர்கள்? அதற்குத்தான் Bake To Keyframes இருக்கிறது. ஒவ்வொரு கட்டையின் இடமும் திருப்பமும் சட்டகத்துக்குச் சட்டகம் சாதாரண அசைவுக் குறிகளாக எழுதப்படும். இயற்பியல் அந்தக் கட்டைகளிலிருந்து நீங்கிவிடும். 54 கட்டை, 250 சட்டகம், கட்டைக்கு ஆறு எண் என்றால் 81,000 குறிகள்வரை. கோப்பு கனக்கும். திரும்பவும் உராய்வை மாற்றிப் பார்க்க முடியாது. ஆகவே இயற்பியலோடு கூடிய கோப்பைத் தனிப் பெயரில் பத்திரப்படுத்திவிட்டு, நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு கோப்பையை மறைக்கும் அந்த ஒரு கட்டையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது தரையைத் தொட்ட சட்டகத்திலிருந்து அதன் வளைகோடுகளைக் கையால் திருத்தி, நான்கு விரற்கடை தள்ளிப் போய் நிற்கச் செய்யுங்கள். மற்ற 53-ம் கணக்கு சொன்னபடியே விழட்டும்.